சிறுகதை ‘பன்னிரண்டு மணி’: இது உண்மையில் நடக்கக்கூடியதா?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கீழே இருப்பது நான் எழுதிய சிறுகதையின் சுருக்கப்பட்ட வடிவம். நடையைப் பற்றிப் பிறகு பேசலாம். அலுவலகக் கடிதப் போக்குவரத்தில் பழகியவர்கள் இந்தக் குழப்பத்தை நம்புவீர்களா என்பதுதான் இப்போதைக்கு என் கேள்வி.

*பன்னிரண்டு மணி*

மேலூர்ச் சாலையில் இருக்கும் கிரானைட் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒச்சப்பன் இளநிலை எழுத்தர். தினமும் உசிலம்பட்டியில் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு வேறு பஸ் பிடித்து, அங்கிருந்து மூன்றாவது பஸ்ஸில் வந்து சேர்வான். புதன்கிழமை மாலை முதலாளி தொலைபேசியில் சொன்னார்: “வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏற்றுகிறார்கள், நான் அங்கே இருப்பேன். ராத்திரிக்குள் திரும்பிவிடுவேன். அட்லாண்டாக்காரரோடு ஒன்பதரைக்குப் பேச ஏற்பாடு செய்துவிடு. விலையை முடித்துவிடலாம்.”

ஒச்சப்பன் இணையத்தில் தேடிப் பார்த்தான். இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே நண்பகல் பன்னிரண்டு. நல்ல நேரம்தான். அந்த ஊர் நேரத்தை எப்படி எழுதுவது என்று ஜனவரி மாதக் கடிதக் கோப்பைப் பிரித்துப் பார்த்தான். அட்லாண்டாக்காரரே EST என்று எழுதியிருந்தார். அதையே எடுத்துக்கொண்டான்.

```
Video call: Fri 12 June, 12.00 EST (9.30 IST)
```

இரண்டு ஊர் நேரமும் கடிதத்தில் இருந்தது. இனி யாருக்கும் சந்தேகம் வராது. ‘சரி, நன்றி’ என்று பதிலும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பிறந்த முதல் நிமிடத்தில் அட்லாண்டாக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு சமையலறை மேசையில் கணினியைத் திறந்தார். ‘அழைத்தவர் வரும்வரை காத்திருக்கவும்’ என்றது திரை. ஜனவரியிலும் அவர் இப்படித்தான் தூக்கம் விழித்துக் கற்களைப் பார்த்தார். மதுரையில் காலை வெயிலில் பலகைகளை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பன்னிரண்டரைக்கு இன்னொன்று: ‘ஒரு மணி வரை இருப்பேன்.’

அப்போது இங்கே மணி பத்து. ஒச்சப்பன் மூன்றாவது பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதங்களையும் படித்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை. அட்லாண்டாவைக் கூப்பிட்டான்.

“வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், மெதுவாகப் பேசுகிறேன். கற்கள் எங்கே?”

கற்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றன. ஒச்சப்பன் கைப்பேசியோடு முற்றத்திற்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து முதல் பலகையை நனைத்தான்.

---

தெற்காவணிமூலம்

கதை நன்றாக இருக்கிறது, கணக்கு தவறு. EST-க்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே பத்தரை. ஒன்பதரை எங்கிருந்து வந்தது? நான் அமெரிக்க நிறுவனத்தோடு வேலை பார்த்தவன். வருடம் முழுவதும் பத்தரை என்றுதான் கணக்கு வைத்திருந்தோம்.

---

பழைய டெலக்ஸ்

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. EST என்ற எழுத்துகளுக்கு வித்தியாசம் பத்தரை மணி நேரம்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் அட்லாண்டாவில் எந்தக் கடிகாரமும் EST காட்டாது. மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி பின்னுக்கு இழுப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் அதற்குப் பெயர் EDT, வித்தியாசம் ஒன்பதரை. ஒச்சப்பன் போட்ட கணக்கு ஜூன் மாதத்துக்குச் சரி, ஒட்டிய பெயர்தான் ஜனவரி மாதத்துடையது. பழைய கோப்பைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். கதாசிரியர் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வருடம் முழுவதும் பத்தரை என்று வைத்திருந்ததாகச் சொல்கிறீர்களே, அமெரிக்காவில் எந்த ஊர்? அரிசோனாவின் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அதற்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேரம்.

---

தெற்காவணிமூலம்

நியூ ஜெர்சி. இரவுப் பணி என்பதால் கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். அதை நிர்வாகத்தின் கெடுபிடி என்று நினைத்திருந்தோம்.

சரி, அப்படியே இருக்கட்டும். எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டால் கடிதம் தன்னைத்தானே மறுக்கிறது அல்லவா? 12.00 EST என்பது இங்கே 10.30, அடைப்புக்குள் இருப்பதோ 9.30. அட்லாண்டாக்காரர் அங்கேயே நிறுத்தி “எது சரி?” என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காததை நான் நம்பவில்லை.

---

பழைய டெலக்ஸ்

கேட்க மாட்டார். அவர்கள் ஊரில் கோடையிலும் EST என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ‘எங்கள் கிழக்குப் பகுதி நேரம்’ என்பதற்கு மேல் அதை யாரும் ஆராய்வதில்லை. அவர் கண் பன்னிரண்டு என்ற எண்ணில்தான் நின்றிருக்கும். பிறகு அடைப்புக்குள் இருக்கும் ஒன்பதரையை வைத்துச் சரிபார்த்திருப்பார். சரியாகவே வந்திருக்கும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். காலை, இரவு என்று எதுவும் இல்லாத இரண்டு எண்கள். அங்கே நண்பகல் என்று படித்தால் இங்கே இரவு ஒன்பதரை. அங்கே நள்ளிரவு என்று படித்தால் இங்கே காலை ஒன்பதரை. ஒரு பக்கம் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் மறுபக்கமும் அதே பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆகவே இரண்டு வாசிப்பும் தமக்குள் ஒத்துப்போகின்றன. ஒச்சப்பன் பாதுகாப்புக்காக இரண்டாவது நேரத்தையும் எழுதினான். அந்தப் பாதுகாப்பே அட்லாண்டாக்காரரின் தவறான வாசிப்பைச் சரி என்று சொல்லிவிட்டது.

லண்டனாக இருந்தால் ஜூனில் நான்கரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே மாலை ஐந்து. வெறும் ‘5.00’ என்று எழுதினாலும் விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் எழுந்து உட்கார மாட்டார்கள், கேட்டுவிடுவார்கள். அட்லாண்டாவுக்கும் நமக்கும் ஏறத்தாழ அரை நாள் இடைவெளி என்பதால் எப்படிப் படித்தாலும் யாராவது ஒருவர் அலுவலக நேரத்தில் இருக்கிறார். அதனால்தான் பிழை பிழையாகத் தெரிவதில்லை.

---

கூடல்நகர் ராஜா

எனக்கும் இதே அனுபவம் உண்டு. நள்ளிரவு 12.10-க்கு ரயில், வெள்ளிக்கிழமை தேதியில் டிக்கெட். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி முந்தின இரவே போய்விட்டது. உங்கள் அட்லாண்டாக்காரரும் ஒரு நாள் முன்பின்னாக வந்துவிட்டார், அதுதானே கதை? ரயில்வேயைப் போல 00:10 என்று போட்டாலும் நம் ஆட்களுக்குப் புரிவதில்லை.

---

பழைய டெலக்ஸ்

இல்லை, கதையில் அவர் நாளைத் தவறவிடவில்லை, அரை நாளைத் தவறவிட்டார். ஆனாலும் நீங்கள் ஒரு நல்ல முடிச்சை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ‘வெள்ளிக்கிழமை நள்ளிரவு’ என்றால் வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? அட்லாண்டாக்காரர் தொடங்குவதை எடுத்துக்கொண்டார். அடைப்புக்குள் இருக்கும் ஒன்பதரையை வெள்ளிக்கிழமைக் காலையாக அவர் படித்ததால் அது ஒன்றுதான் பொருந்தும். முடியும் நள்ளிரவு என்றால் இங்கே சனிக்கிழமைக் காலை ஆகிவிடும். கதாசிரியர் ‘வெள்ளிக்கிழமை பிறந்த முதல் நிமிடத்தில்’ என்று எழுதியது சரியான சொல்லாட்சி.

---

மேலூர் மருமகள்

நேரக் கணக்கு எனக்கு வராது. கல் கணக்கு வரும். என் மாமனார் பட்டறை வைத்திருந்தார். 2012-இல் இந்தப் பக்கத்துக் குவாரிகளுக்குச் சீல் வைத்த பிறகு வெளியூர்ப் பாளங்களை வாங்கி அறுத்து மெருகேற்றினார்கள்.

அட்லாண்டாக்காரர் நள்ளிரவை ஏன் நம்பினார் என்று நீங்கள் எல்லோரும் எண்களிலேயே தேடுகிறீர்கள். எனக்கு அது கல்லிலேயே இருக்கிறது. பலகையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துக் காஷ்மீர் வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள் (பெயர்தான் காஷ்மீர், கல் மேலூர்). அதில் இரும்புக் கறையின் மெல்லிய மஞ்சள் ஓடியிருந்தால் ட்யூப்லைட்டில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் தெரியும். கல் வாங்குகிறவருக்கு ‘வீடியோ’ என்று கடிதம் வந்தால், மதுரையில் சூரியன் இருக்கும் நேரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். முதலாளி விலை பேச நினைத்தார், வாங்குகிறவர் கல் பார்க்க வந்தார். எதற்காகப் பேசுகிறோம் என்று கடிதத்தில் ஒரு சொல் இருந்தாலே நள்ளிரவு வந்திருக்காது.

கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். எடுத்த எடுப்பில் பலகையை நனைத்துக் காட்டினால் வாங்குகிறவருக்குச் சந்தேகம்தான் வரும். தண்ணீர் பட்டால் எந்தக் கல்லும் நிறம் கூடிப் பளிச்சென்று தெரியும். முதலில் காய்ந்த பலகையைக் காட்ட வேண்டும். பிறகு நனைத்துவிட்டுக் காயும்வரை கேமராவை அங்கேயே வைத்திருக்க வேண்டும். மேற்பரப்பு முழுவதும் காய்ந்த பிறகும் எங்காவது ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

---

வைகைக்கரையான்

அக்கா, இது எனக்குத் தெரியாது. ஒச்சப்பனுக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டால் கதைக்கு நல்லதுதானே? தாளில் வேலை பார்க்கிறவன், கல்லைத் தொட்டதே இல்லை. அட்லாண்டாக்காரர் “முதலில் காய்ந்த கல்லைக் காட்டு” என்று சொல்லலாம்.

---

மேலூர் மருமகள்

அதுவும் சரிதான். ஆனால் அவன் சொந்தமாகக் குழாயைத் திறக்க வேண்டாம், பட்டறை ஆள் யாராவது திறக்கட்டும். எழுத்தரை அந்தப் பக்கமே விட மாட்டார்கள்.

---

பிரிஸ்பேன் பாண்டி

EST என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. மதுரையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருந்தபோது எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியா. அங்கேயும் கிழக்குக் கரையில் நிறையப் பேர் EST என்றுதான் சொல்வார்கள், முன்னால் இருக்க வேண்டிய A-வை விட்டுவிடுவார்கள். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள். பிரிஸ்பேனும் அதே கிழக்குக் கரைதான், ஆனால் தள்ளுவதே இல்லை. நவம்பரில் ‘காலை 10.00 EST’ என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினோம். சிட்னிக்காரர் நம் நேரம் விடியற்காலை நான்கரைக்கு வந்தார், பிரிஸ்பேன்காரர் ஐந்தரைக்கு வந்தார். முதலாமவர் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து நான் ஊர்ப் பெயரைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை.

---

தெற்காவணிமூலம்

அப்படியென்றால் நம் IST-யாவது உருப்படியா? அது இந்தியா ஒன்றுக்குத்தானே?

---

பிரிஸ்பேன் பாண்டி

அதுவும் இல்லை. இஸ்ரேல்காரர்களும் தங்கள் நேரத்தை IST என்பார்கள். அயர்லாந்தில் கோடை நேரத்துக்கு அதே எழுத்துகள்தான்.

---

நிரல் நாகமலை

இவ்வளவு பேச்சு எதற்கு? உலகப் பொது நேரமான UTC-யில் எழுதினால் முடிந்தது. இங்கே இரவு ஒன்பதரை என்றால் 16:00 UTC. இருபத்துநான்கு மணிக் கணக்கு என்பதால் காலையா மாலையா என்ற கேள்வி இல்லை, கோடையில் மாறுவதும் இல்லை. அதோடு காலண்டர் அழைப்பு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

---

பழைய டெலக்ஸ்

நான் தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகத்தில் டெலக்ஸ் அடித்தவன். கப்பல் செய்திகளில் அப்படித்தான் எழுதுவோம். ஜூன் 12 இரவு ஒன்பதரை என்றால்

```
121600Z
```

அன்று காலை ஒன்பதரை என்றால் `120400Z`. முதலில் தேதி, பிறகு மணி, கடைசியில் இருக்கும் Z என்பது கிரீன்விச் கணக்கு. ஒன்றை மற்றொன்றாகப் படிக்கவே முடியாது. ஆனால் படிக்கிறவரும் மாலுமியாக இருக்க வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கும் கல் வியாபாரிக்கு 16:00 UTC என்று மட்டும் அனுப்பினால், அதை அவர் தன் நேரத்துக்கு மாற்றும்போது பிழை வரும். பிழை ஒச்சப்பன் மேசையிலிருந்து அவர் மேசைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

```
Price discussion: Fri 12 June, 12:00 noon Atlanta
= 9:30 pm Madurai (16:00 UTC)
```

ஊர்ப் பெயர் எழுதும்போது கோடையா குளிர்காலமா என்ற கேள்வியே வருவதில்லை. அந்த ஊர்ச் சுவர்க் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதுதான். பன்னிரண்டுக்கு மட்டும் noon அல்லது midnight என்று சொல்லால் எழுத வேண்டும். 12 AM, 12 PM என்று எழுதினாலும் ஆளுக்கு ஆள் தலைகீழாகப் படிக்கிறார்கள். சிலர் அதைத் தவிர்க்கவே 11:59 என்றோ 12:01 என்றோ எழுதுவார்கள். அதிலும் am, pm சேர்த்தால்தான் பயன்.

UTC-க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரா வாரம் பேச வேண்டும் என்று 16:00 UTC-யில் நிறுத்திவிட்டால், நவம்பர் முதல் ஞாயிறு கழிந்ததும் அட்லாண்டாவில் அது காலை பதினொன்றாகிவிடும். அவர் நண்பகல் பன்னிரண்டுக்கு வருவார். நமக்கு ஒன்றுமே மாறியிருக்காது என்பதால் என்ன நடந்தது என்று நமக்குப் புரியாது. அவருடைய நண்பகலை நிலையாக வைத்தால் நமக்கு இரவு பத்தரை ஆகிவிடும். யார் கடிகாரத்துக்கு யார் ஒத்துப்போவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

---

நிரல் நாகமலை

வாராந்திரக் கூட்டம் பற்றி ஒத்துக்கொள்கிறேன். காலண்டர் பற்றிப் பதில் இல்லையே?

---

பிரிஸ்பேன் பாண்டி

காலண்டரிலும் ஒச்சப்பன்தான் நேரத்தைப் போட வேண்டும். தவறாகப் போட்டால் தவறாகத்தான் போகும்.

---

நிரல் நாகமலை

அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. காலண்டர் ஒரு கணத்தைத்தான் அனுப்புகிறது, எழுத்துகளை அல்ல. கோப்பின் உள்ளே இப்படி இருக்கும்:

```
DTSTART;TZID=America/New_York:20260612T120000
```

அட்லாண்டாவுக்கும் இந்தப் பெயர்தான். ஒச்சப்பன் தெரியாமல் நள்ளிரவைப் போட்டிருந்தால் அவனுடைய காலண்டரில் வெள்ளிக்கிழமை காலை 9:30 என்ற கட்டத்தில் அது உட்கார்ந்திருக்கும். முதலாளி தூத்துக்குடியில் இருக்கும் நேரம் என்று அவனுக்கே தெரியும், பார்த்த உடனே விழித்துக்கொள்வான். கடிதத்தில் எழுதிய 9.30 அவனுக்கு இரவாகவே தெரிந்தது, ஏனென்றால் அவன் மனத்தில் இருந்தது இரவு. தன் தவறைத் தானே பார்க்க முடியாத இடம் அது ஒன்றுதான்.

---

பழைய டெலக்ஸ்

இதை ஏற்கிறேன். நல்ல வாதம்.

---

கூடல்நகர் ராஜா

ஆக மொத்தம் தப்பு முதலாளி மேல். “ஒன்பதரைக்கு” என்றார், ராத்திரியா காலையா என்று சொல்லவில்லை.

---

வைகைக்கரையான்

ராத்திரிக்குள் திரும்பிவிடுவேன் என்றாரே, ராஜா அண்ணன். ஒச்சப்பன் சரியாகத்தான் புரிந்துகொண்டான். அவன் கேட்ட தூத்துக்குடிச் செய்தி அட்லாண்டாவுக்குப் போகவில்லை.

---

தெற்காவணிமூலம்

நான் இன்னும் விடவில்லை. அட்லாண்டாக்காரர் என்னைப் போல எழுத்துக்கு எழுத்து படிக்கிற ஆளாக இருந்தால்? 12.00 EST என்பதைத் தன் கோடைக் கடிகாரத்தில் ஒரு மணி என்று சரியாக மாற்றிக்கொண்டு, இரவு ஒரு மணிக்கு வந்து உட்காருவார். இங்கே அப்போது பத்தரை. ஒச்சப்பன் மேசையில் இருப்பான். கதையின் காத்திருப்பே இல்லாமல் போகும்.

---

வைகைக்கரையான்

அப்படி வந்தாலும் கூட்டத்தைத் திறக்கும் கணக்கு முதலாளியின் கைப்பேசியில்தான் இருக்கிறது. ஒச்சப்பனுக்கு அழைப்பு இணைப்பு மட்டும்தான் தெரியும். அவர் அப்போதும் அதே ‘காத்திருக்கவும்’ திரையைத்தான் பார்ப்பார், ஒரு மணி நேரம் தாமதமாக.

---

மேலூர் மருமகள்

அந்தக் கணக்கை எழுத்தரிடம் கொடுக்காத முதலாளியைப் பற்றி ஒரு வரி சேருங்கள். எங்கள் பட்டறையில் லாரி வாடகைச் சீட்டுகூட மாமனார் சட்டைப் பையில்தான் இருக்கும்.

---

தெற்காவணிமூலம்

சேர்க்கும்போது அந்த EST-யையும் EDT ஆக்கிவிடுங்கள்.

---

வைகைக்கரையான்

அது ஒச்சப்பன் எழுதியது. நான் தொட மாட்டேன்.